மிஷின் பணம் தரவில்லை, கணக்கில் ரூ.5 ஆயிரம் காலி!
6-வது நாள் முதல் தினம் ரூ.100 பாங்கி தரவேண்டும்

திண்டுக்கல்:
ஏ.டி.எம். மிஷின் கடகடவென்று சத்தம் போடுகிறது. பணம் மட்டும் வெளியே வரவில்லை. அதற்குள் செல்போனில் தகவல் வந்துவிடுகிறது: "உங்கள் கணக்கில் ரூ.5 ஆயிரம் எடுக்கப்பட்டது!"

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் ஒட்டன்சத்திரம் வியாபாரி ஒருவருக்கு இப்படி நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கணக்கு ஒரு பாங்கியில். மிஷின் வேறு பாங்கியுடையது. அந்தப் பணம் எங்கே போனது?

பற்று முதலில், பணம் பிறகு

கார்டைப் போட்டு ரகசிய எண்ணை அழுத்தியதும், மிஷின் அவருடைய பாங்கியைக் கேட்கிறது. "பணம் இருக்கு, கொடு" என்று பதில் வரும்போதே கணக்கில் ரூ.5 ஆயிரம் கழிந்துவிடும். அதற்குப் பிறகுதான் மிஷின் நோட்டை எண்ணத் தொடங்கும்.

எண்ணும்போது நோட்டு சிக்கலாம். இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு வந்தால், மிஷின் அதைத் தனிப்பெட்டியில் தள்ளிவிடும். பணம் தரமுடியாமல் போனால், "கழித்ததைத் திருப்பிப் போடு" என்று மிஷின் செய்தி அனுப்பவேண்டும். அந்த நேரம் பார்த்து லைன் அறுந்தால் செய்தி போய்ச் சேராது. பணம் மிஷினுக்குள்ளேயே கிடக்கும். கணக்கில் மட்டும் பற்று நிற்கும்.

எந்த பாங்கிக்குப் போவது?

பலர் மிஷின் இருக்கும் பாங்கியில் போய் சண்டை போடுகிறார்கள். "உங்க கணக்கு இங்கே இல்லீங்களே" என்று பதில் வரும். புகாரை கார்டு கொடுத்த பாங்கியில்தான் தரவேண்டும். அந்த பாங்கிதான் மிஷின்காரரிடம் பணத்தைக் கேட்டு வாங்கும்.

புகாரில் மிஷினின் எண், இடம், நேரம், தொகை நான்கும் இருக்கட்டும். சீட்டு வந்தால் பத்திரம். வராவிட்டால் செல்போன் தகவலே போதும். புகார் எண்ணை வாங்காமல் வரக்கூடாது.

ரூ.700 கணக்கு

2019 செப்டம்பர் 20-ல் ரிசர்வ் பாங்கி போட்ட உத்தரவு இது. பணம் எடுக்க முயன்ற நாளை விட்டுவிட்டு, அடுத்த 5 நாளுக்குள் பணம் கணக்கில் திரும்பவேண்டும். தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 நஷ்டஈடு. லீவு நாளும் கணக்கில் சேரும். வாடிக்கையாளர் கேட்கவேண்டும் என்பதில்லை, பாங்கியே போடவேண்டும்.

நம் வியாபாரி 3-ந் தேதி பணம் எடுக்கப் போனார். கெடு 8-ந் தேதி. பணம் 15-ந் தேதிதான் வந்தது. 9 முதல் 15 வரை 7 நாள் தாமதம். ரூ.5 ஆயிரத்துடன் ரூ.700 சேர்ந்து வரவேண்டும். "பணம்தான் வந்துடுச்சே" என்று சும்மா இருந்துவிடக்கூடாது. பாஸ் புத்தகத்தில் அந்த ரூ.700 இருக்கிறதா என்று பாருங்கள்.

மிஷினைத் திறந்தால் தெரியும்

உண்மையைக் கண்டுபிடிப்பது மிஷினுக்குச் சொந்தக்கார பாங்கியின் வேலை. மிஷினில் ரூ.10 லட்சம் வைத்தார்கள். ரூ.6 லட்சத்து 40 ஆயிரம் கொடுத்ததாக மிஷினின் குறிப்பேடு சொல்கிறது. மீதி ரூ.3 லட்சத்து 60 ஆயிரம் இருக்கவேண்டும். பணப்பெட்டி, தள்ளிய நோட்டுப்பெட்டி இரண்டையும் எண்ணினால் ரூ.3 லட்சத்து 65 ஆயிரம்! கூடுதலாக இருக்கும் ரூ.5 ஆயிரம் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

கம்ப்யூட்டரில் "அனுமதி வழங்கப்பட்டது" என்று இருப்பதை மட்டும் பார்த்து கிளை ஊழியர் புகாரைத் தள்ளக்கூடாது. அது கழிக்க அனுமதித்ததற்குத்தான் சாட்சி. நோட்டு கைக்கு வந்ததற்கு அல்ல.

கணக்கு சரியாக இருந்தால்?

கூடுதல் பணம் இல்லையென்றால் சிக்கல்தான். பணம் வரும் வாயில் தகடோ பசையோ வைத்து நோட்டை மறிக்கும் திருடர்கள் உண்டு. அப்போது மிஷின் பணத்தைத் தள்ளிவிட்டதாகவே எழுதிக்கொள்ளும். வாயில் எதையாவது ஒட்டியிருப்பது தெரிந்தால் அங்கேயே நின்று பாங்கிக்குப் போன் செய்யவேண்டும். நகர்ந்தால், காத்திருப்பவன் வந்து எடுத்துக்கொண்டு போவான்.

புகாரைத் தள்ளினால் மிஷினின் குறிப்பையும் கேமரா படத்தையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் பாங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. cms.rbi.org.in-ல் பதியலாம், விவரம் கேட்க 14448.

ஒரு எச்சரிக்கை: "பணத்தைத் திருப்பித் தர்றோம், ரகசிய எண் சொல்லுங்க" என்று எவனாவது போனில் கேட்டால் உடனே வைத்துவிடுங்கள். பணத்தைத் திருப்பிப்போட எந்த பாங்கிக்கும் அந்த எண் தேவையில்லை.