இரைச்சலில் புதைந்த சிக்னல்: இரண்டு எண்களால் ஒரு வடிகட்டி

ஒரு கருவி தரும் ஒவ்வொரு அளவீட்டிலும் உண்மையான சிக்னலோடு இரைச்சலும் கலந்திருக்கிறது. இப்போதைய அளவீட்டை a-ஆலும் முந்தையதை b-ஆலும் பெருக்கிக் கூட்டி, சிக்னலை மதிப்பிட வேண்டும். பிழையின் வர்க்கச் சராசரி மிகக் குறைவாக இருக்க a, b என்ன? இரண்டாம் உலகப்போரில் விமான எதிர்ப்பு பீரங்கிக்காக நார்பர்ட் வீனர் உழைத்தபோது உருவான கோட்பாடு இதற்கு விடை தருகிறது.

சிக்னலின் திறன் 1, அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையிலான தொடர்பு 0.8, இரைச்சலின் திறன் 1 என்போம். இரைச்சல் ஒவ்வொரு முறையும் புதிது. சிக்னலோடும் அதற்குத் தொடர்பில்லை. அளவீட்டின் மொத்தத் திறன் 2. மிஞ்சும் பிழை இரு அளவீடுகளோடும் தொடர்பற்றிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அதிலிருந்து இரு சமன்பாடுகள் வருகின்றன:

2a + 0.8b = 1
0.8a + 2b = 0.8

தீர்த்தால் a ≈ 0.405, b ≈ 0.238. பிழை 0.405. ஒரே அளவீட்டைப் பாதியாக்கினாலே பிழை 0.5-தான். ஆனால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் சாதாரணச் சராசரி 0.6 தருகிறது! இரைச்சல் இவ்வளவு பலமாக இருக்கும்போது, மதிப்பீட்டைப் பூஜ்ஜியத்தை நோக்கிச் சற்றுச் சுருக்கத்தான் வேண்டும். சராசரி அதைச் செய்வதில்லை.

இரைச்சலுக்கும் அதே 0.8 தொடர்பு இருந்தால்? 0.8 இருந்த இடங்களில், சமன்பாடுகளின் இடப்பக்கத்தில், 1.6 வரும், b பூஜ்ஜியமாகிவிடும், முந்தைய அளவீட்டால் பயனே இல்லை. பழைய எண்களையே வைத்திருந்தால், தெரிந்த சிக்னலை அனுப்பிச் சோதிக்கும்போது பிழை அளவீடுகளோடு தொடர்பு காட்டும். அப்போது தொடர்பு மதிப்புகளைத் திரும்ப அளக்க வேண்டும்.