ஒன்பது நாளும் ஒரு கருத்தும்

கண்டாவளையில் எம் அயல்வீட்டார் கத்தோலிக்கர். ஆண்டுதோறும் மடுமாதாவின் ஆவணித் திருவிழாவை எதிர்பார்த்திருப்பவர்கள். பெருநாள் ஆகஸ்ட் 15ஆந் திகதி. 6ஆந் திகதி கொடியேறும். அன்றுதொட்டு 14 வரை ஒன்பது நாள் வழிபாடு. இதனை நவநாள் என்பர். நவராத்திரியை அறிந்த சைவனாகிய எனக்கு ஒன்பது என்னும் எண் புதிதன்று. ஆயினும் இதன் கணக்கு வேறு.

உயிர்த்த இயேசு 40ஆம் நாளில் விண்ணேறினார், 50ஆம் நாளில் தூய ஆவி இறங்கினார் என்பது கிறித்தவ மரபு. இடைப்பட்டவை 41 முதல் 49 வரை ஒன்பது நாள்கள். அந்நாள்களிற் சீடர்கள் மரியாளோடு கூடியிருந்து செபித்தனர். நவநாளுக்கு முன்மாதிரியாய்க் கொள்ளப்படுவது அந்தக் காத்திருப்பே.

வீட்டில் அதனைச் செய்யும் முறை எளிது. சிலுவை அடையாளம் இட்டுக் கருத்தைச் சொல்வர். கருத்தாவது, எதற்காக மன்றாடுகிறோம் என்பது. அடுத்து அந்நாளுக்குரிய வாசகமும் சிந்தனையும் வரும். இவை நாள்தோறும் மாறும். பின்னர் மாறாத நவநாட் செபம். பரலோக மந்திரம், அருள்நிறை மந்திரம், திரித்துவப் புகழ் ஆகியவற்றோடு நிறைவுறும். கால்மணி நேரம் போதும்.

ஒருமுறை அயல்வீட்டுத் தாயார் மகனின் பரீட்சைக்காக நவநாள் தொடங்கினார். பரீட்சை திங்கட்கிழமை, ஆகவே ஞாயிறன்று முடியுமாறு, முந்திய வாரத்துச் சனிக்கிழமையே முதல் நாளாயிற்று. முதலில் அவர் எழுதிய கருத்துகள் ஏழு: மகனின் சித்தி, கடன், வேலி வழக்கு எனப் பல. மூன்றாம் நாளே அவை ஒப்புவிக்கும் பட்டியலாய்விட்டன. வீட்டிலிருந்த முதியவள், "ஒன்றை மட்டும் வைத்துக்கொள், பிள்ளை. மற்றையவை அடுத்த நவநாளுக்கு இருக்கட்டும்" என்றாள்.

எஞ்சிய ஒன்றும் உருமாறியது. "முதலாவதாக வரவேண்டும்" என்பது பிறர் பிள்ளை தோற்கவேண்டும் என்பதற்கு ஒப்பாகும் எனத் தாயார் உணர்ந்தார். "கற்றதை அஞ்சாது எழுதும் மனம் அவனுக்கும், அவனைக் கடியாத நா எனக்கும் வேண்டும்" என மாற்றினார். ஒரே வாக்கியத்திற் சொல்லக்கூடியதும், கேட்பவரே தம் பங்கைச் செய்யக்கூடியதுமான கருத்தே ஒன்பது நாளும் தளராது நிற்கும்.

நேரத்தை விளக்கேற்றியபின், இராச்சாப்பாட்டுக்குமுன் என வகுத்தார். ஐந்தாம் நாள் வயற்காவலுக்குச் சென்ற கணவர் குடிலிலேயே செபித்தார். ஆறாம் நாள் காய்ச்சலால் தாயாருக்குத் தவறிற்று. மறுநாள் இரு நாட்களுக்குரியதையும் சேர்த்துச் சொல்லித் தொடர்ந்தார். ஒரு நாள் தவறினால் முழுவதும் பாழாகும் என்று திருச்சபை கற்பிப்பதில்லை. "ஒன்பது பிரதி எழுதிக் கோவிலில் வையாவிடில் தீங்கு வரும்" என மிரட்டும் துண்டுப் பிரசுரங்களையும் அது மூடநம்பிக்கை என்றே விலக்குகிறது. எண்ணுக்கு மந்திர வலிமை இல்லை.

பரீட்சைப் பெறுபேறு வரச் சில மாதங்கள் சென்றன. ஆனால் அந்த ஒன்பதாம் நாள் மாலையிலேயே, அவ்வீட்டிற் பரீட்சையைப்பற்றிய பேச்சின் குரல் தாழ்ந்திருந்ததை வேலிக்கு இப்பால் இருந்த நான் கேட்டேன்.