அம்மா ஆஸ்பத்திரியில்… நாளைக்கு மாவு யார் அரைப்பது? ஒற்றை ஆள் கடைக்கு ஓர் எமர்ஜென்சி ஏற்பாடு

தேவாரத்தில் ஓர் இட்லி மாவுக் கடை என்று வைத்துக்கொள்வோம். அம்மாதான் முதலாளி, அம்மாதான் மாஸ்டர். உதவிக்கு ஓர் அக்கா வருவார். மகளான நீங்க சென்னையில் வேலை பார்க்கிறீங்க. ஒரு ஞாயிறு ராத்திரி அம்மாவுக்கு நெஞ்சுவலி. தேனியைத் தாண்டி, கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்க்கிறாங்க. மறுநாள் காலையில் ரெண்டு டிபன் கடைக்கு மாவு போகணும். அரிசி, உளுந்து எல்லாம் கடையில் இருக்கு. அளவு மட்டும் அம்மாவின் தலைக்குள்ள இருக்கு.

அக்காவுக்கு போன் பண்ணிக் கேட்டால், "உளுந்து அந்தச் சொம்புல மூணு, உப்பு ஒரு கை"ன்னு சொல்வார். எந்தச் சொம்பு, யாரோட கை? அதனால் அம்மா நல்லா இருக்கும்போதே ஒரு நாள் தராசை எடுத்து வையுங்க. அவர் வழக்கம்போல அள்ளிப் போடட்டும், நீங்க எடை போட்டு எழுதுங்க. 10 கிலோ இட்லி அரிசி, இரண்டரை கிலோ உளுந்து, 100 கிராம் வெந்தயம் என்று கிராம் கணக்கு கிடைத்துவிடும்.

அளவோடு முடியாது. உளுந்தை முதலில் ஆட்டணும், குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டணும். கிரைண்டர் சூடானால் மாவும் சூடாகி, சீக்கிரமே புளிச்சிடும். ஆட்டிய உளுந்தில் ஒரு சொட்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கணும். முங்கினால் இன்னும் ஆட்டணும். அம்மா கையால் தொட்டே கண்டுபிடிக்கும் விஷயத்தை, புது ஆள் கண்ணால் பார்த்துத் தெரிஞ்சுக்கிற மாதிரி எழுதுவதுதான் இதில் கஷ்டமான வேலை.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரே வழி: அம்மா ஒரு நாள் ஸ்டூலில் உட்காரணும், வாயைத் திறக்கக் கூடாது (சொல்றது ஈஸி!). அக்கா பேப்பரைப் பார்த்து மட்டும் அரைக்கட்டும். அவர் எங்கே நின்னு அம்மா முகத்தைப் பார்க்கிறாரோ, அங்கே ஒரு வரி விட்டுப்போச்சு என்று அர்த்தம்.

அடுத்தது பணம். கடை க்யூஆர் கோடில் காசு வந்துகொண்டே இருக்கும். ஸ்பீக்கரும் "பெறப்பட்டது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் உளுந்துக் கடைக்காரருக்கு அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது. பின் நம்பரைச் சொல்லிவைப்பது பலர் செய்யும் வேலை. அது தப்பு, ஆபத்தும்கூட.

முறையான வழி ரெண்டு இருக்கு. வங்கியில் 'மேண்டேட்' கடிதம் கொடுத்தால், அம்மா சொல்லும் ஆள் அந்தக் கணக்கின் செக்கில் கையெழுத்துப் போடலாம். இன்னொன்று, 2024-ல் வந்த 'யுபிஐ சர்க்கிள்'. இதில் முழு அனுமதி கொடுத்துவைத்தால், நீங்க உங்க போனிலிருந்தே அம்மா கணக்கில் பணம் கட்டலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இதில் 'பகுதி அனுமதி'யைத் தேர்ந்தெடுக்காதீங்க. அதில் ஒவ்வொரு தடவையும் அம்மாதான் பின் போட்டு ஓகே பண்ணணும், ஐசியுவில் அது நடக்காது. எல்லா வங்கியும் எல்லா ஆப்பும் இந்த வசதியைத் தருவதில்லை, முதலில் அதைப் பார்த்துக்கோங்க.

ஒரு கசப்பான விஷயம். கணக்குக்காரர் இறந்தாலோ, மனநிலை தெளிவை இழந்தாலோ மேண்டேட் சட்டப்படி அதோடு முடிந்துவிடும். இறப்புக்குப் பிறகு ஏடிஎம் கார்டைத் தேய்ப்பதும் சட்டப்படி தப்பு. அப்போது பணம் நாமினி கைக்கு வரும்; அவர் அதை வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவர், அந்தப் பணத்துக்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு 4 பேர் வரை நாமினி போடலாம். எப்படியும், ஒரு வாரக் கொள்முதல் பணத்தை உங்க கணக்கில் தனியாக வைத்திருப்பது நல்லது.

கடைசியா, போன் நம்பர்கள். அம்மா போனில் "கிரைண்டர் தம்பி", "மாடி வீட்டு அக்கா" என்றுதான் பேர் இருக்கும். கடன் நோட்டிலும் அப்படித்தான். யார் அந்த மாடி வீட்டு அக்கா, எவ்வளவு தரணும் என்று அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. போனும் லாக். அதனால் ஒரு தாளில் நம்பரோடு கூடவே வேலையையும் எழுதணும்: "உளுந்துக் கடை அண்ணன் – வாரக் கடைசியில் பணம், ஒரு வாரம் கடன் தருவார்", "கிரைண்டர் மெக்கானிக் – பெல்ட் அறுந்தால் இவர்தான், சாயங்காலம் மட்டும் வருவார்". டிபன் கடைக்காரர்களுக்கு, "இன்னைக்கு மாவு வராது" என்று யார், எத்தனை மணிக்குள் சொல்லணும் என்பதும் அதில் இருக்கணும். ராத்திரியே தெரிந்தால் அவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்வார்கள், அடுத்த வாரம் திரும்பவும் வருவார்கள். காலையில் வந்து பூட்டைப் பார்த்தால், திரும்பி வருவது சந்தேகம்தான்.

தாளை மூணு காப்பி எடுங்க. ஒன்று கிரைண்டருக்கு மேலே சுவரில், ஒன்று அக்கா வீட்டில், ஒன்று உங்க போனில் போட்டோவாக. சுவரில் ஒட்டும் காப்பியில் வங்கி விவரம் மட்டும் வேண்டாம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, நம்பரெல்லாம் இன்னும் வேலை செய்யுதா என்று ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்க.