பேதி மாத்திரையை விடும் முறை

குடலைத் தூண்டிவிடும் மலமிளக்கிகளில் அதிகம் புழங்குபவை பிசாகோடில் மாத்திரையும் நிலாவாரை சேர்ந்த சூரணங்களும். மூலிகைதானே என்று சூரணத்தை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுபவர்கள் உண்டு. பெருங்குடலுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டுமே அதன் சுவரைச் சுருங்கவைத்து, மலத்திலுள்ள நீர் உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. இரவில் சாப்பிட்டால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பலன் தெரியும்.

பழக்கம் பெரும்பாலும் அடுத்த நாள்தான் தொடங்குகிறது. மருந்து குடலை ஒரேயடியாகக் காலி செய்துவிட்டால், அது மீண்டும் நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம். மறுநாள் மலம் வராதது இயல்பு. அதை மலச்சிக்கல் என்று எண்ணி இன்னொரு மாத்திரை போடுவதில் சுழல் ஆரம்பமாகிறது. உரிய அளவில் சாப்பிடும் மருந்து குடல் நரம்புகளை நிரந்தரமாகக் கெடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நிலாவாரையால் குடலின் உட்பக்கம் கருத்தாலும், நிறுத்திய சில மாதங்களில் அது மறையும். உண்மையான ஆபத்து அளவு மீறும்போதுதான்: நீரோடு பொட்டாசியமும் வெளியேறித் தசை தளரும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். சிறுநீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் விரைவில் நேரும்.

இரவுதோறும் 5 மி.கி. பிசாகோடில் மூன்று சாப்பிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதலில் எதையும் குறைக்காமல், மருத்துவர் சொல்லும் அளவில் பாலிஎத்திலீன் கிளைகால் தூளைச் சேர்க்க வேண்டும். வழக்கமாக 17 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில், தினம் ஒருமுறை. இது குடலை உசுப்பாது. மலத்தில் நீரைத் தேக்கி இளக்கும். பலன் தெரிய ஓரிரு நாள் பிடிக்கும். மலம் இளகி வந்தபின் பிசாகோடிலை இரண்டாக்கி, ஓரிரு வாரம் கழித்து ஒன்றாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று கொண்டுவந்து நிறுத்தலாம். தூளைக் குறைப்பது அதற்குப் பிறகுதான். முழுவதும் விட மாதக்கணக்கானாலும் வியப்பில்லை. இடையில் மூன்று நாள் மலம் வராவிட்டால் ஒரு மாத்திரை போடுவது தோல்வியல்ல. மறுநாளும் போடாமலிருந்தால் போதும்.

காலை உணவு முடித்த அரை மணிக்குள் பெருங்குடல் தானாகவே அசையும். தினமும் அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போவதும், மேற்கத்திய கழிப்பறையானால் காலடியில் சிறு முக்காலி வைத்துக்கொள்வதும் உதவும். இசப்கோல் சாப்பிடுபவர் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் அடைப்புதான் மிஞ்சும்.

நெடுநாள் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் சில நாள் உடலில் நீர் கோத்துக் கால் வீங்கும். அதைக் கண்டு பயந்து பலர் மாத்திரைக்கே திரும்புகிறார்கள். எடையைக் குறைக்கவென்று சாப்பிட்டு வந்தவர்களும், இதயம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், மார்பின் போன்ற வலிமருந்து எடுப்பவர்களும் தாங்களாகவே குறைக்கக் கூடாது. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, வயிறு உப்பி வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.