கேஸ் ஷீட்டிலிருந்து கணினிக்கு: ஒரு வார்டு மாறும் எட்டுப் படிகள்

திண்டிவனத்தில் அரசு மருத்துவமனையில் இருக்கும் ஒருவரை, மேல்சிகிச்சைக்காக முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆம்புலன்ஸில் அவருடன் வருவது ஒரு பரிந்துரைச் சீட்டு. எந்த ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்ற முழு விவரம் கேஸ் ஷீட்டில்தான் இருக்கும். அது திண்டிவனத்திலேயே தங்கிவிட்டால், "காலையில என்ன மருந்து குடுத்தாங்கம்மா?" என்ற கேள்விக்கு உறவினர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அமெரிக்கப் பேராசிரியர் ஜான் காட்டர் 1996-இல் வெளியிட்ட நூலில் சொன்ன எட்டுப் படிகளில் முதலாவது, அவசரத்தை உணர வைப்பது. அதற்கு மேலே சொன்ன கேள்வியே போதும். அடுத்த மூன்று படிகள், முன்னின்று நடத்தும் குழு அமைப்பது, இலக்கை வகுப்பது, அதை எல்லோருக்கும் சொல்வது. குழுவில் வார்டு செவிலியர் கண்காணிப்பாளர் இல்லையென்றால் மற்ற கையெழுத்துகளால் பயனில்லை.

சிக்கல் ஐந்தாம் படியில், அதாவது தடைகளை நீக்குவதில் வருகிறது. 30 படுக்கை வார்டில், ஒரு ஷிஃப்டுக்கு ஒரு முறை காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் பதிய ஒரு நோயாளிக்கு 2 நிமிடம் என்றால் மொத்தம் 60 நிமிடம். நோட்டிலும் எழுதச் சொன்னால் நேரம் இன்னும் கூடும். வார்டில் இருப்பதோ ஒரே கணினி, அதுவும் ரவுண்ட்ஸ் நேரத்தில் டாக்டர் கையில். அப்போது சிஸ்டர் என்ன செய்வார்? துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மொத்தமாக ஏற்றுவார். இதைக் கண்டுபிடிப்பது எளிது: பதிவு ஏறிய நேரத்தைப் பாருங்கள். 30 நோயாளிகளின் விவரமும் 1.30-க்கும் 2 மணிக்கும் இடையில் ஏறியிருந்தால் அந்த வார்டு மாறவில்லை. இதைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பதைவிட, தள்ளுவண்டியில் இன்னொரு கணினி வைப்பதே பலன் தரும்.

ஆறாம் படி, சீக்கிரம் கண்ணுக்குத் தெரியும் வெற்றி. அது செவிலியருக்கு நேரத்தை மிச்சப்படுத்துவதாக இருக்க வேண்டும். ஆய்வக முடிவுகளை முதலில் திரையில் கொண்டு வந்தால், ரிப்போர்ட் வாங்க லேபுக்கு ஆள் நடப்பது அன்றே நிற்கும்.

ஏழாம் படி, வேகம் குறையாமல் அடுத்தடுத்த பகுதிகளை மாற்றுவது. இரண்டு இடத்திலும் எழுதுவது எந்தத் தேதியோடு நிற்கும் என்று முதல் நாளே அறிவிக்க வேண்டும். தேதி இல்லாவிட்டால் இரட்டை வேலையே வழக்கமாகிவிடும்; நோட்டில் ஒரு அளவும் திரையில் வேறு அளவும் இருந்தால் மருந்து தவறும். மின்சாரமோ நெட்வொர்க்கோ நின்றால் எழுத அச்சிட்ட படிவம் மட்டும் வார்டில் இருக்கட்டும். நிலைமை சரியானதும் அதை யார் கணினியில் ஏற்றுவது என்பதையும் அந்தப் படிவத்திலேயே அச்சிட்டுவிடலாம்.

எட்டாம் படி, வழக்கமாக்குவது. மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பணியில் சேரும் நாளிலேயே அவர்களுக்கு லாகின் கொடுத்து, ஷிஃப்ட் ஒப்படைப்பையும் திரையைப் பார்த்தே நடத்த வேண்டும். திரையில் இல்லாததை அங்கே வாய்மொழியாகச் சொன்னால், "ஏத்திட்டு சொல்லுங்க" என்று அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரே கேட்பார்.