ஐந்தாம் தசம இடம்: இரண்டு செம்பனைகளுக்கு நடுவே ஒரு கணக்கு

செம்பனைக் கன்றுகளை வழக்கமாக முக்கோண அமைப்பில், கன்றுக்குக் கன்று சுமார் 9 மீட்டர் விட்டு நடுவார்கள். சுவா வட்டாரத் தோட்டப் பக்கம் வளர்ந்த மாணவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், நிரையைப் பார்த்தே பழகியவர்கள். அந்த 9 மீட்டரை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்குக்குள் வாருங்கள்.

பூமியின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். அதை 360 பாகையால் வகுத்தால் ஒரு பாகைக்கு சுமார் 111 கிலோமீட்டர். தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒவ்வோர் இடம் தள்ளும்போதும் பத்தில் ஒரு பங்காகக் குறையும். மூன்றாம் இடத்தில் 111 மீட்டர், நான்காம் இடத்தில் 11 மீட்டர், ஐந்தாம் இடத்தில் 1.1 மீட்டர். அட்சரேகைக்கு இது எங்கேயும் ஏறக்குறைய பொருந்தும். தீர்க்கரேகைக்கு அந்த இடத்து அட்சரேகையின் கோசைனால் பெருக்க வேண்டும். சுவா பூமத்திய ரேகைக்கு 3 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருப்பதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். லண்டனில் என்றால் தீர்க்கரேகையின் ஐந்தாம் இடம் 0.7 மீட்டருக்குச் சுருங்கிவிடும்.

இப்போது கவனியுங்கள்: நான்காம் இடத்தின் ஒரு படி 11 மீட்டர், நம் மரங்களின் இடைவெளி 9 மீட்டர். அளவுகோலின் ஒரு கோடே அளக்க வேண்டிய பொருளைவிடப் பெரியது!

வடக்கு நோக்கி ஒரே நிரையில் ஐந்து மரங்கள் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கணக்குக்காக எடுத்தவை). அவற்றின் அட்சரேகைகள் 2.60310, 2.60318, 2.60326, 2.60334, 2.60342. அடுத்தடுத்த மரங்களுக்கு வித்தியாசம் 0.00008, அதாவது கிட்டத்தட்ட 9 மீட்டர். இதையே நான்கு இடத்துக்கு முழுமையாக்கினால் 2.6031, 2.6032, 2.6033, 2.6033, 2.6034 என்று வரும். மூன்றாவது மரமும் நான்காவது மரமும் ஒன்றாகிவிட்டன, பார்த்தீங்களா? மற்ற இடைவெளிகளெல்லாம் 11 மீட்டர். உண்மையில் எந்த இரண்டு மரத்துக்கும் நடுவில் 11-உம் இல்லை, 0-உம் இல்லை.

ஆனால் முதல் மரத்துக்கும் ஐந்தாவது மரத்துக்கும் உள்ள மொத்தத் தூரத்தைப் பாருங்கள். ஐந்து இடம் வைத்தால் சுமார் 35 மீட்டர், நான்கு இடம் வைத்தால் 33 மீட்டர். பெரிய மோசமில்லை. இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவார்கள். முழுமையாக்குவதால் வரும் பிழை தூரத்தோடு சேர்ந்து வளர்வதில்லை. நான்கு இடத்தில் ஒவ்வொரு முனையிலும் அதிகபட்சம் ஐந்தரை மீட்டர், அவ்வளவுதான். தோட்டத்திலிருந்து போர்ட்டிக்சனுக்குத் தூரம் பார்க்கும்போது அந்தப் பிழை கண்ணுக்கே தெரியாது. 9 மீட்டர் அளக்கும்போது அதே பிழை விடையையே விழுங்கிவிடும். “எத்தனை தசம இடம் வேண்டும் சார்?” என்று கேட்டால், “எவ்வளவு தூரம் அளக்கப் போறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள்.

பாகை, நிமிடம், விநாடி முறையிலும் இதே கதைதான். ஒரு விநாடி சுமார் 31 மீட்டர். விநாடியை முழு எண்ணாக எழுதினால் மூன்று மரங்கள் அதற்குள் மறைந்துபோகும்.

ஐந்து இடம் எழுதிவிட்டால் அளவு சரியாகிவிடுமா? ஆகாது. சாதாரணக் கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிழை காட்டும். செம்பனை மட்டைகளுக்கு அடியில் இன்னும் மோசம். ஒரே இடத்தில் அசையாமல் நின்று, சில நிமிட இடைவெளியில் ஐந்தாறு தடவை குறித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்தாம் இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். “ஆடுற இலக்கத்தை எதுக்கு எழுதணும், வெட்டிடலாமே” என்று ஒரு மாணவர் நிச்சயம் கேட்பார். நல்ல கேள்வி. பல அளவுகளின் சராசரியை எடுக்கும்போது அந்த ஆட்டத்தின் ஒரு பகுதி குறையும். முதலிலேயே வெட்டிவிட்டால் சராசரி எடுக்க ஒன்றும் மிஞ்சாது. கருவியின் பிழையோடு நம் பிழையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே கணக்கு முடிகிற வரை இலக்கங்களை வைத்திருங்கள், இறுதி விடையை மட்டும் முழுமையாக்குங்கள். அதற்காக எட்டு இலக்கம் எழுதவும் வேண்டாம். எட்டாம் இடம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதைக் கைப்பேசி அறியாது.

செயற்கைக்கோள் படத்தில் மரத்தலைகளைப் பார்த்துப் புள்ளி எடுப்பது வகுப்புக்கு இன்னும் எளிது. படம் முழுவதும் சில மீட்டர் தள்ளியிருந்தாலும், பக்கத்துப் பக்கத்து மரங்கள் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு தள்ளியிருக்கும். கழிக்கும்போது அது நீங்கிவிடும். இங்கே ஐந்தாம் இடம் முழுப் பலன் தரும்.

மாணவர்களின் அட்டவணையைத் திருத்தும்போது எங்கேயோ இலக்கம் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வடக்கு தெற்கு நிரையில் தூரங்கள் 0, 11, 22 என்று மட்டுமே வந்து, 7-ஓ 9-ஓ 13-ஓ ஒன்றுகூட இல்லையென்றால், மரங்களைச் சந்தேகப்படாதீர்கள். விரிதாளின் அந்தப் பத்தி நான்கு தசம இடத்துக்கு அமைக்கப்பட்டிருக்கிறதா, திரையில் தெரிந்ததை மட்டும் பார்த்துத் தாளில் எழுதினார்களா என்று பாருங்கள்.