கருகுவது பல்பு, கோளாறு ஆர்.ஆர். யூனிட்டில்

பழைய 100 சிசி பைக் ஒன்று. ஹெட்லைட் பல்பு மாற்றிய சில நாட்களிலேயே கருகிவிடுகிறது. கருகுவதற்கு முன் ஓடும்போது வெளிச்சம் திடீரெனப் பளீரென்று ஏறி இறங்கும். பேட்டரி சார்ஜ் சரியாக ஏறுகிறது. அதனால் ரெகுலேட்டர் ரெக்டிஃபயர், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் ஆர்.ஆர். யூனிட், நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டி, பல்பின் தரத்தைக் குறை சொல்கிறார்கள். தவறு அந்த முடிவில்தான்.

இவ்வகைப் பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து கரண்ட் வருவதில்லை. மேக்னட் காயிலிலிருந்து ஏசியாக நேரே வருகிறது. இன்ஜின் வேகம் ஏற ஏற காயில் தரும் வோல்டேஜும் ஏறும். அதைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட், காயிலுக்கும் பல்புக்கும் நடுவில் இல்லை. லைட் ஒயரில் ஒரு கிளையாகப் பக்கத்தில் நிற்கிறது. ஏரிக்குக் கலிங்கு போல, மிஞ்சியதை எர்த்துக்குத் தள்ளிவிடுவதே அதன் வேலை. எனவே யூனிட்டின் கப்ளரைக் கழற்றிவிட்டாலும் ஹெட்லைட் எரியும், கட்டுப்பாடு இல்லாமல். பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதே யூனிட்டுக்குள் இருக்கும் வேறொரு பகுதி. அது ஒழுங்காக இருப்பதால் லைட் பகுதியும் ஒழுங்கு என்று சொல்லிவிட முடியாது.

சோதிக்க மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து, பல்பு எரியும்போதே ஹோல்டரில் அளக்க வேண்டும். பல்பைக் கழற்றி அளந்தால் கணக்கு தப்பும். ஆக்சிலேட்டரை மெதுவாகக் கூட்டினால் வோல்டேஜ் ஏறி, 13-ஐ ஒட்டி நின்றுவிட வேண்டும். சாதாரண மீட்டர் இந்த வெட்டுப்பட்ட ஏசியைத் துல்லியமாகக் காட்டாது. ஆகவே எண்ணைவிட, ஏற்றம் நிற்கிறதா என்பதைப் பாருங்கள். நம் வண்டியில் நிற்கவில்லை. 15-ஐத் தாண்டியதும் ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பல்பும் போய்விடும். வோல்டேஜ் பத்து சதவீதம் கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறுகிவிடும்.

அடுத்து யூனிட்டின் கப்ளர். இந்த வண்டியில் லைட் ஒயர் மஞ்சள். அதன் பின் தளர்ந்து, சூட்டில் கறுத்திருந்தது. பின் தொட்டபோது வோல்டேஜ் அடங்கியது, விட்டபோது எகிறியது. வெளிச்சம் துள்ளியதும் பல்பு கருகியதும் இதனால்தான். பின்னை மாற்றிய பிறகு வோல்டேஜ் ஓரிடத்தில் நின்றது. யூனிட் வாங்கும் செலவு மிச்சம்.

பின் சரியாக இருந்தால் எர்த் ஒயரைப் பாருங்கள். துரு, பெயின்ட் படிந்த போல்ட்டில் எர்த் பிடிக்காவிட்டாலும் இதே விளைவுதான். இரண்டும் நன்றாக இருந்தும் வோல்டேஜ் ஏறினால் யூனிட்டையே மாற்ற வேண்டும். மாற்றாகக் கூடுதல் வாட் பல்பு போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வோல்டேஜ் சற்று இறங்கலாம், ஆனால் ஹோல்டரும் சுவிட்சும் உருகும்.

ஹெட்லைட் பேட்டரியில் எரியும் புதிய வண்டிகளில் அளக்கும் இடம் பேட்டரி முனைகள். டிசியில் 15 வோல்ட்டைத் தாண்டினால் அங்கேயும் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஆர்.ஆர். யூனிட்டையும் அதன் கப்ளரையும்தான்.